'விலை என்ன?' என்று கேட்டால் 'டி.எம். பண்ணுங்க'... வாங்குபவர் ஏன் நகர்ந்துவிடுகிறார்?

இன்ஸ்டாகிராமில் ஒரு ஜெய்ப்பூர் பிளாக் பிரிண்ட் குர்தியைப் பார்க்கிறீர்கள். பிடித்துவிட்டது. கீழே பலர் 'விலை என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: 'டி.எம். பண்ணுங்க'. உடனே ஒரு சந்தேகம் வருகிறது. ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ?

ஏன் இந்தச் சந்தேகம்?

தனியாகச் சொல்லும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எனக்கு 1,250 ரூபாய், இன்னொருவருக்கு 1,100 ரூபாய் என்று சொன்னாலும் யாருக்கும் தெரியாது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிய விலையை அப்படி ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது. வாங்குபவருக்கு அதுவே ஒரு உத்தரவாதம்.

எப்படிப் பதில் சொல்லலாம்?

'1,250 ரூபாய்' என்று மட்டும் எழுதினால் போதாது. பணம் கட்டும்போது கூரியருக்கு 80 ரூபாய் கூடினால், வந்த நம்பிக்கையும் போய்விடும். இப்படி எழுதலாம்:

'மொத்தம் ரூ.1,330. குர்தி ரூ.1,250, கூரியர் ரூ.80. வரி இதிலேயே அடங்கும். எக்ஸ்.எல். வரை ஒரே விலை, டபுள் எக்ஸ்.எல்.லுக்கு ரூ.100 கூடுதல். இந்த மாதக் கடைசி வரை இதே விலைதான்.'

கடைசி வரி முக்கியம். பழைய பதிவை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, 'அப்போ அந்த விலைன்னு சொன்னீங்களே' என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்பவர்கள் மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரி, வரி போன்றவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். இன்ஸ்டா கடைகளுக்கும் அது நல்ல மாதிரி.

அளவெடுத்துத் தைப்பதாக இருந்தால்?

ஒரே விலை சொல்ல முடியாதுதான். ஆனால், 'ரூ.1,800-ல் தொடங்கும்; துணி, லைனிங்கைப் பொறுத்து கூடும்' என்று சொல்லலாம். மொத்தமாக வாங்குவோருக்குத் தள்ளுபடி உண்டா? '10 பீஸுக்கு மேல் தனி விலை' என்பதையும் பொதுவிலேயே சொல்லிவிடுங்கள். அது ரகசியச் சலுகையாக இல்லாமல் எல்லோருக்குமான விதியாகிவிடும்.

போலிக் கணக்குகளிடம் கவனம்

விலை கேட்டவர்களைத் தேடிப்பிடித்து, அதே கடையின் பெயர், படத்துடன் போலிக் கணக்கிலிருந்து மெசேஜ் அனுப்பிப் பணம் பறிப்பது நடக்கிறது. விலை பொதுவில் இருந்தால், '700 ரூபாய்தான், உடனே யு.பி.ஐ.யில் அனுப்புங்க' என்று வரும் மெசேஜ் பொருந்தவில்லை என்பது சட்டென்று தெரியும். போலி ஆசாமி சரியான விலையையே சொன்னாலும் ஏமாறக் கூடாது என்றால், 'நாங்களாக முதலில் மெசேஜ் அனுப்ப மாட்டோம்' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

அப்படியென்றால் டி.எம். எதற்கு? முகவரி, போன் நம்பர், பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட், இவற்றுக்கு மட்டும்.