பல தந்திகள், ஒரு செய்தி

1983 செப்டெம்பர் 1ஆந் திகதி, 269 பேருடன் காணாமற்போன தென்கொரிய விமானம் பற்றி மூன்று கூற்றுகள் வெளிவந்தன. அது சகாலினில் இறங்கியதாகச் சியோல் அறிவித்தது. யப்பான் கடலை நோக்கிப் பறந்து சென்றதாகத் தாஸ் கூறியது. சோவியத் போர்விமானம் அதனைச் சுட்டுவீழ்த்தியதாக அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஷூல்ட்ஸ் கூறினார்.

இத்தகைய தந்திகளைத் தொகுக்கையில் முகவரகங்களையன்றி மூலங்களையே நாம் எண்ணுதல் வேண்டும். சியோலின் அறிவிப்பை எத்தனை முகவரகங்கள் அனுப்பினும் மூலம் ஒன்றே. பின்னர் வந்த தகவல் அதனைப் பொய்ப்பித்தமையால் அதை நீக்குவோம். விமானம் சோவியத் வான்பரப்பினுட் புகுந்தமையை இரு வல்லரசுகளும் ஒப்பின. அதுவே செய்தியின் தொடக்கமாகும். முரண்படும் ஏனைய இரண்டையும் 'மறைந்தது' எனும் ஒரு சொல்லால் மழுப்பாது, கூறியவர் பெயருடன் அடுத்தடுத்து வைப்போம்.

செப்டெம்பர் 6இல் மொஸ்கோ சுட்டதை ஒப்புக்கொண்டது. அவ்வாறு எழுதப்பட்ட செய்தியில் அன்று திருத்த வேண்டிய வரி எதுவுமிராது.