அலமாரியில் உட்கார்ந்த ஆறு லட்சம்

"வியாபாரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சப்ளையருக்கு செக் கொடுக்கிற நாளில்தான் கையில் காசு இருப்பதில்லை." இப்படிச் சொல்லும் கடைக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது பாக்கி நோட்டைத்தான். அதைப் புரட்டிப் பார்த்து, வரவேண்டியது பெரிதாக இல்லை என்று தெரிந்த பிறகும் குழப்பம் தீராது. பணம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே சரக்காக இருக்கும். எவ்வளவு, எந்த அலமாரியில் என்று காட்டிக்கொடுக்க இரண்டு எண்கள் உண்டு. சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது ஒன்று. கையிலிருக்கும் சரக்கு எத்தனை நாள் விற்பனைக்குக் காணும் என்பது மற்றொன்று. முன்னதை 'சரக்குச் சுழற்சி' என்றும் பின்னதை 'இருப்பு நாள்' என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு தாலுகா ஊரில் ஹார்டுவேர் கடை இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஏப்ரல் 1 அன்று இருந்த சரக்கு 22 லட்சம். ஆண்டு முழுக்கச் செய்த கொள்முதல் 84 லட்சம். மார்ச் 31 அன்று மீதம் 26 லட்சம். இருந்ததையும் வாங்கியதையும் கூட்டி, மீந்ததைக் கழித்தால் 80 லட்சம் வருகிறது. விற்றுப்போன சரக்கின் அடக்க விலை இதுதான். அந்தச் சரக்கு விற்றுக் கிடைத்தது 92 லட்சம். வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் போவதற்கு முந்தைய லாபம் 12 லட்சம்.

ஆண்டுத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி இருப்பு 24 லட்சம். 80 லட்சத்தை 24 லட்சத்தால் வகுத்தால் 3.3. அதாவது கடையின் சரக்கு ஆண்டில் மூன்று முறைக்குச் சற்று மேல் சுழன்றிருக்கிறது. 365 நாளை 3.3-ஆல் வகுத்தால் சுமார் 110 நாள். ஒரு பொருள் சராசரியாக மூன்றரை மாதத்துக்கு மேல் இந்தக் கடையில் தங்கிவிட்டுத்தான் வெளியே போகிறது. சப்ளையர் கொடுக்கும் தவணை 30 நாள் என்றால், மீதி 80 நாளுக்கு அந்தச் சரக்கைத் தாங்குவது கடைக்காரரின் சொந்த முதலோ பேங்க் கடனோதான்.

இந்தக் கணக்கில் பலரும் வழுக்கும் இடம், 80 லட்சத்துக்குப் பதில் 92 லட்சத்தைப் போடுவது. இருப்பை அடக்க விலையில் எழுதிவிட்டு விற்பனையை விற்ற விலையில் எடுத்தால், லாபமும் சேர்ந்து சுழற்சியைப் பெரிதாக்கிக் காட்டும். லாப விகிதம் கூடுதலான கடைகளில் இந்தப் பொய் இன்னும் பெரிது. ஜிஎஸ்டியிலும் கவனம் வேண்டும். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் வரி நீங்கலான விலையில் இருப்பைப் போட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரி திரும்பி வராது என்பதால், அது அடக்கத்திலேயே சேரும்.

மார்ச் 31 இருப்பை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஆண்டு முடிவில் டார்கெட்டை எட்டுவதற்காக கம்பெனிகள் ஸ்கீம் போட்டுச் சரக்கைத் தள்ளுவது வழக்கம். அன்று குடோன் வழக்கத்தைவிட நிரம்பியிருக்கும். பெயின்ட் போன்றவை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ஏறி, பிறகு இறங்கும். பன்னிரண்டு மாதக் கடைசி இருப்புகளின் சராசரியை எடுப்பது நல்லது. பேங்கில் சிசி கணக்கு வைத்திருப்பவர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறார்களே, அந்த எண்களே போதும். அவற்றை உண்மையாக எழுதியிருந்தால்!

சரி, 110 நாள் நல்லதா, கெட்டதா? அந்த ஓர் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பால் கடைக்கு அது பைத்தியக்காரத்தனம், நகைக்கடைக்குச் சாதாரணம். இதே கடையில் சென்ற ஆண்டு என்ன நாள் என்று ஒப்பிடலாம். அதைவிடப் பயனுள்ளது, அந்த 24 லட்சத்தைச் சரக்கு வாரியாகப் பிரித்துப் பார்ப்பது.

நம் கடையில் சிமென்டும் கம்பியும் ஆண்டுக்கு 36 லட்சம் அடக்கத்துக்கு விற்கின்றன. இருப்பு ஒன்றரை லட்சம்தான், அதாவது 15 நாள். பைப்பும் அதன் ஃபிட்டிங்குகளும் 20 லட்சம் விற்க, இருப்பு 5 லட்சம்: 91 நாள். பெயின்ட் 14 லட்சத்துக்கு விற்கிறது, இருப்பு ஐந்தரை லட்சம்: 143 நாள். ஆணி, ஸ்க்ரூ, கீல், பூட்டு வகைகள் 6 லட்சம் விற்க, 4 லட்சம் இருப்பு: 243 நாள். கடைசியாக பாத்ரூம் குழாய், ஷவர், வாஷ்பேசின். இவை ஆண்டுக்கு விற்றது 4 லட்சம், அலமாரியில் இருப்பது 8 லட்சம். இரண்டு வருட விற்பனைக்கான சரக்கு!

கடையின் முதலில் மூன்றில் ஒரு பங்கு, வியாபாரத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே தரும் சரக்கில் இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "அதில்தான் மார்ஜின் அதிகம்" என்பார். பொய்யில்லை. 100 ரூபாய் அடக்கத்துக்கு 40 ரூபாய் நிற்கும் என்றே வைத்துக்கொண்டாலும், 4 லட்சத்துக்கு லாபம் 1,60,000. சிசி வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால், 8 லட்சத்துக்கு வட்டி 96,000. லாபத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. சிமென்டிலும் கம்பியிலும் 100-க்கு 6 ரூபாய்தான் நிற்கிறது என்றாலும், 36 லட்சத்துக்கு அது 2,16,000. அதை ஈட்டிக்கொடுத்த இருப்பு வெறும் ஒன்றரை லட்சம். (சிமென்டைக் கடனுக்குக் கொடுத்தால் கதை மாறும். சரக்காக நிற்காத பணம் மேஸ்திரியின் பாக்கியாக நிற்கும். அதை இருப்பு நாள் காட்டாது.)

உண்மையில் எவ்வளவு பணம் சிக்கியிருக்கிறது? பாத்ரூம் சாமான் வாங்க வருபவர் நாலு மாடல் பார்த்துத்தான் எடுப்பார். ஆகவே இங்கே 15 நாள் இருப்பு நடக்காது. தாராளமாக 180 நாள் அனுமதிப்போம். ஆண்டுக்கு 4 லட்சம் விற்கும் சரக்குக்கு 180 நாள் இருப்பு என்றால் ஏறக்குறைய 2 லட்சம். இருப்பதோ 8 லட்சம். வித்தியாசம் 6 லட்சம். சப்ளையருக்குச் செக் கொடுக்கும் நாளில் காணாமல் போகும் பணம் இதுதான்.

ஸ்க்ரூவும் கீலும் 243 நாள் கிடக்கின்றனவே, அவற்றையும் குறைக்க வேண்டாமா? என் கருத்தில், தொடக்கூடாது. ஒரு தச்சர் நாலு அங்குலக் கீல் இல்லை என்று தெரிந்தால், கையில் இருக்கும் லிஸ்ட் முழுவதையும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தக் கீல், தன் விலைக்காக அல்ல, அந்த லிஸ்டுக்காக அங்கே இருக்கிறது. அது கெடாது, மாடலும் மாறாது. மெதுவாக நகர்வது வேறு, தேங்கிப்போவது வேறு. பெயின்டில் அப்படி விட முடியாது. டப்பாவுக்குக் காலாவதி உண்டு. கலர் கலக்கும் மெஷின் இருக்கும் கடையில் சில பேஸ்களை வைத்தே கேட்ட ஷேடைத் தரலாம். பழைய ரெடிமேட் ஷேடுகள்தான் அந்த 143 நாளை இழுத்துப் பிடித்திருக்கும்.

எந்தப் பொருள் தேங்கியது என்று தெரிய, கடைசியாக அது விற்ற தேதி வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் சரக்கின் வயதைக் காட்டும் அறிக்கை இருக்கிறது. அது இல்லாத கடையில் ஒரு மார்க்கர் பேனா போதும். சரக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் மாதத்தையும் வருடத்தையும் எழுதி, பழசை முன்னால் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அலமாரியைச் சுற்றி வந்தால், பெட்டிகளே சொல்லிவிடும்.

இனி, அதை என்ன செய்வது? 1,400 ரூபாய் அடக்கத்தில் வாங்கிய ஒரு குழாய் மூன்று வருடமாகக் கிடக்கிறது. 1,100-க்குக் கேட்கிறார்கள். 300 ரூபாய் நஷ்டத்துக்கு விற்க மனம் வராது. ஆனால் அந்த 1,100 பைப் சரக்குக்குப் போனால், ஆண்டுக்கு நாலு முறை சுழன்று, ஒவ்வொரு முறையும் 100-க்கு 20 வைத்தால், ஆண்டுக்கு 880 ரூபாய் தரும். நாலைந்து மாதத்தில் 300 திரும்பிவிடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பணம் இல்லாததால்தான் பைப் வியாபாரம் தவறுகிறது என்றால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். பைப் கேட்பவருக்கெல்லாம் ஏற்கெனவே கொடுக்க முடிகிறது என்றால், அந்த 1,100 சிசி கடனைத்தான் குறைக்கும். மிச்சம் ஆண்டுக்கு 132 ரூபாய் வட்டி. அப்போது 300-ஐ மீட்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர் கொஞ்சம் பொறுத்து, நல்ல விலைக்கு முயற்சி செய்வதில் தவறில்லை. ஒரு விஷயம்: அடக்கத்துக்குக் கீழே விற்றாலும், அதற்காக எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குப்பை என்று கணக்கிலிருந்து தள்ளினாலோ சும்மா கொடுத்தாலோ, கட்ட வேண்டும்.

இனி வரும் ஸ்கீம்களையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். "நாலு மாதச் சரக்கை இப்போதே எடுங்கள், 3 சதவீதம் கூடுதல் தள்ளுபடி" என்கிறார் சேல்ஸ்மேன். மாதாமாதம் வாங்கினால் ஒரு பொருள் சராசரியாக அரை மாதம் கடையில் இருக்கும். நாலு மாதத்துக்கு மொத்தமாக எடுத்தால் இரண்டு மாதம். கூடுதல் ஒன்றரை மாதத்துக்கு, மாதம் 1 சதவீத வட்டியில், செலவு 1.5 சதவீதம். லாபம்தான், எடுக்கலாம். ஆனால் அவர் 'நாலு மாதச் சரக்கு' என்று சொல்வது உங்கள் கடையில் பத்து மாதம் விற்கும் சரக்காக இருந்தால், சராசரித் தங்கல் ஐந்து மாதம், கூடுதல் வட்டி 4.5 சதவீதம். தள்ளுபடியை வட்டி தின்றுவிடும். ஆகவே சேல்ஸ்மேனிடம் விலை பேசும் முன், அந்தப் பொருள் உங்கள் கடையில் மாதத்துக்கு எத்தனை போகிறது என்று பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பு நாள் குறைந்துகொண்டே போவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. நாளும் குறைந்து, அந்த வகையின் விற்பனையும் குறைந்தால், சரக்கு வேகமாக நகரவில்லை. கடையில் இல்லாமல் போயிருக்கிறது. கேட்டு இல்லையென்று திரும்பியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கல்லாப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்து, "இல்லை" என்று சொன்ன பொருளை அன்றன்றே எழுதி வந்தால், அந்த 6 லட்சம் விடுபடும்போது எந்தச் சரக்குக்குப் போக வேண்டும் என்பதற்கு அதிலேயே பட்டியல் தயாராக இருக்கும்.