நிற்கும் கட்டடத்தின் கீழே நிலத்தை வலுப்படுத்தல்

வெறும் நிலத்திலே புதிதாக அத்திவாரம் இடுவது ஒன்று. பல்லாண்டுகளாக நிற்கும் கட்டடத்தின் கீழுள்ள மண்ணை உறுதியாக்குவது முற்றிலும் வேறொன்று. மேலே சுமை இருந்தபடி இருக்கும். கீழேயுள்ள மண் மாறவேண்டும்.

மென்மண்ணை உறுதியாக்க இரண்டு முறைகள் வழங்குகின்றன. இரண்டிலும் மண்ணும் சீமெந்தும் சேர்ந்து நிலத்தின் உள்ளேயே தூண்களாக இறுகுகின்றன. சேருகின்ற விதமே வேறு. முதலாவது ஆழமண் கலப்பு முறை. இது 1960களின் பிற்பகுதியிலிருந்து சுவீடனிலும் யப்பானிலும் வளர்ந்தது. அகன்ற அலகுகள் பூட்டிய தண்டு சுழன்று இறங்கி, மாவைப் பிசைவதுபோல மண்ணைச் சீமெந்துடனோ சுண்ணாம்புடனோ பிசைகிறது. அலகு எவ்வளவு அகலமோ அவ்வளவே தூணின் அகலம்; ஆகவே அளவிலே ஐயமில்லை. ஆனால் உயர்ந்த இயந்திரம் நிற்கத் திறந்த வெளி வேண்டும். அகன்ற அலகும் பழைய அத்திவாரத்தை ஊடுருவ இயலாது. கட்டடத்தின் அருகே இது பயன்படும், அடியிலே பயன்படாது.

அந்த இடத்துக்குரியது இரண்டாவதான தாரை முறை. சாண் அகலமும் இல்லாத துளை ஒன்று அத்திவாரத்தினூடே துளைக்கப்படுகிறது. அதிலே இறங்கும் தண்டின் பக்கத்தில், சில மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு வாய் உண்டு. சாதாரண வளியமுக்கத்தின் ஏறத்தாழ நானூறு மடங்கு அமுக்கத்தோடு, சீமெந்துக் கூழ் அவ்வாயினூடே பீறிட்டுப் பாய்ந்து மண்ணை அறுக்கிறது. தண்டு சுழன்றபடி மெதுவாக மேலெழும்போது, அறுபட்ட மண்ணும் கூழும் கலந்து, ஒரு மீற்றர் அளவு அகலமான தூண் உருவாகிறது. சிறிய துளையால் நுழைந்து பெரிய தூணை அமைப்பதே இம்முறையின் சிறப்பு.

இதன் பயனை அம்ஸ்டர்டாம் நகரின் மத்திய புகையிரத நிலையத்திலே காணலாம். 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்நிலையம், செயற்கைத் தீவுகளின்மேல், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மரமுளைகளில் நிற்கிறது. அதன் அடியாலே நிலத்தடிப் பாதை ஒன்றை அமைக்கும் வேலை 2003இல் தொடங்கியது. மேலே புகையிரதங்கள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்; கீழே அகழவேண்டும். ஆகவே, தாழ்ந்த கூரையின் கீழ் இயங்கும் சிறிய இயந்திரங்களால், உருக்குக் குழாய்கள் துண்டு துண்டாக இணைக்கப்பட்டு, இரு வரிசையாக இறக்கப்பட்டன. வரிசைகளுக்கு இடைப்பட்ட மண் தாரை முறையால் இறுகிய திணிவாக்கப்பட்டது. இவ்வாறமைந்த சுவர்கள் நிலையத்தின் சுமையைத் தாங்க, அவற்றிடையே அகழப்பட்ட நீர்வழியில், 2011இல் சுரங்கத்தின் ஒரு பகுதி மிதக்கவிடப்பட்டு நிலையத்தின் அடியிலே சேர்க்கப்பட்டது. பாதை 2018இல் திறக்கப்பட்டது.

உருக்குக் குழாய்கள் இருக்க, அவற்றின் நடுவே சீமெந்து மண் எதற்கு? நீரோடு கூடிய மணலுக்கு ஓர் இடைவெளி போதும் என்பதே விடை. அதே பாதையில், வேறோரிடத்தில், 2008இல் கொங்கிறீற்றுச் சுவரின் இணைப்பொன்று கசிந்தது. நீரும் மணலும் குழியினுள் பாய்ந்தன. அருகிலிருந்த பழைய வீடுகள் தாழ்ந்தன.

தாரைத் தூண்களிலும் இவ்விடைவெளி எளிதிலே உண்டாகலாம். ஒரு மீற்றர் அகலத் தூண்கள், எண்பது சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அமைக்கப்படுகின்றன என்று கொள்க. அடுத்தடுத்த தூண்கள் இருபது சென்ரிமீற்றர் ஒன்றையொன்று கவ்வும். துளைகள் நூற்றுக்கு ஒரு பங்கு சரிந்தால், இருபது மீற்றர் ஆழத்தில் ஒவ்வொன்றும் இருபது சென்ரிமீற்றர் விலகிவிடும். இரண்டும் எதிரெதிராகச் சரிந்தால், கவ்விய இருபது போக, இருபது சென்ரிமீற்றர் வெளி அங்கே திறந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு துளையின் சரிவும் அளக்கப்படுகிறது. தூணின் அகலமோ மண்ணைப் பொறுத்தது. மணலிலே தாரை தூரம் செல்லும், இறுகிய களியிலே செல்லாது. எனவே முதலிலே பரீட்சைத் தூண் ஒன்று அமைத்து, அதனைத் தோண்டி நேரே அளந்து பார்ப்பர்.

இன்னும் இரு எச்சரிக்கைகள் உண்டு. புதிய தூண் இறுகும்வரை அது கூழே, சுமை தாங்காது. அடுத்தடுத்த தூண்களை ஒரே நாளில் அமைத்தால், சுவரின் ஒரு பகுதி ஆதாரமின்றிப் போகும். ஆகையால் ஒன்று அமைத்து, இடையிலே சிலவற்றை விட்டு, வேறொன்று அமைத்து, முன்னது இறுகியபின் இடைப்பட்டவற்றை நிரப்புகின்றனர். இரண்டாவது, துளைவாயால் மேலே வரும் சேறு. கூழ் உட்செல்லும்போது, அதற்கீடான கலங்கற்சேறு ஓயாது வெளிவரவேண்டும். அது நின்றால் துளை அடைபட்டுவிட்டது என்பது பொருள். உள்ளே சிக்கிய அமுக்கம் நிலத்தையும் தளத்தையும் மேலே தூக்கும். அனுபவமுள்ள தொழிலாளி அழுத்தமானியை மட்டுமல்ல, துளைவாயையும் கண்காணிக்கிறான். சேறு நின்றவுடன் பம்பியை நிறுத்துகிறான். சுவரில் வெடிப்புத் தோன்றியபின் நிறுத்துவதிலே பயனில்லை.