மைக்கில் சொல்லும் அந்த நாலு வரி

1977 மே 28 இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சவுத்கேட் என்ற ஊரில் உள்ள பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப்பில் பெரிய அரங்கம் நிறைந்து வழிகிறது. மேடையில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள். கட்டடத்தின் இன்னொரு கோடியில் தீப்பிடித்திருப்பது அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வால்டர் பெய்லி என்ற 18 வயதுப் பையன் மேடையேறி மைக்கை வாங்கினான். மேசை துடைக்கும் வேலை அவனுக்கு. வலப்பக்கம் ஒரு வாசல், இடப்பக்கம் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல் என்று கையால் காட்டினான். பிறகுதான் தீயைப் பற்றிச் சொல்லி எல்லாரையும் கிளம்பச் சொன்னான். பலர் எழுந்து போய்ப் பிழைத்தார்கள். சிலர் அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தார்கள். அந்தத் தீவிபத்தில் மொத்தம் 165 பேர் இறந்தார்கள்.

அந்தப் பையன் செய்ததில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வழி, பிறகு காரணம். நம் ஊர் அறிவிப்புகளில் இது தலைகீழாக இருக்கும். முதலில் 'அன்பார்ந்த பெரியோர்களே', அப்புறம் 'தவிர்க்க முடியாத காரணத்தால்', அதற்குப் பிறகு 'யாரும் பதற வேண்டாம்'. எந்தப் பக்கம் போவது என்பது வரும் முன்பே கூட்டம் எழுந்துவிடும். 'பதற வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டதும்தானே நமக்குப் பதற்றமே வருகிறது!

தமிழில் அறிவிப்பவருக்கு இன்னொரு கண்ணி உண்டு. நம் வாக்கியத்தில் 'இல்லை', 'வேண்டாம்', 'அல்ல' எல்லாம் கடைசியில் வரும். 'பின்வாசல் வழியாகப் போக வேண்டாம்' என்று சொன்னால் இரைச்சலில் காதில் விழுவது 'பின்வாசல் வழியாகப் போக'. 'நாலாவது நடைமேடையிலிருந்து புறப்படாது' என்றால் கூட்டத்தில் பாதி நாலாவது நடைமேடைக்கு ஓடும். ஆகவே போகக்கூடாத இடத்தின் பெயரை மைக்கில் உச்சரிக்கவே கூடாது என்பது என் கட்சி. 'ஓட வேண்டாம்' என்பதற்குப் பதில் 'நடந்து வாங்க'. தீயணைப்புப் பயிற்சி என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் 'இது பயிற்சி' என்று சொல்லலாம். உண்மையாகவே தீ என்றால் 'இது பயிற்சி அல்ல' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'தீப்பிடிச்சிருக்கு' என்றே சொல்லுங்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மாலை வரவேற்பு. மேலே மெல்லிசை, கீழே பந்தி. பின்னால் சமையல்கட்டில் புகை. முதல் வேலை பாட்டை நிறுத்துவது. திடீர் மௌனம் வந்தால்தான் அறுநூறு தலையும் மேடைப் பக்கம் திரும்பும்; நிகழ்ச்சியின் பகுதி என்ற சந்தேகமும் வராது. பிறகு, மேலேயும் கீழேயும் கேட்கிற மாதிரி, நிதானமான குரலில்:

"எல்லாரும் இங்கே கவனிங்க. முன்வாசல் வழியா வெளியே வாங்க. வாழைமரம் கட்டியிருக்கிற வாசல். சமையல்கட்டுல புகை வருது. நடந்து வாங்க, குழந்தைகளைக் கையில பிடிச்சுக்குங்க. பந்தியில இருக்கிறவங்களும் இலையை விட்டு எழுந்து வாங்க. கார் நிறுத்துற இடத்துல வந்து நில்லுங்க."

இதையே அப்படியே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வார்த்தையை மாற்றினால் புதுச் செய்தி என்று நினைத்து ஜனம் நின்று கேட்கும். 'இடப்பக்கம்' என்பதைத் தவிர்த்து வாழைமரத்தைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மேடையில் நிற்பவரின் இடம், எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலம். பந்தியைத் தனியாகச் சொன்னதும் வேண்டுமென்றுதான். பாதிச் சாப்பாட்டில் எழுவது நமக்கு வழக்கமில்லை. யாராவது பெரியவர் சொன்னாலொழிய எழ மாட்டோம்.

தாமதத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் 'இன்னும் சிறிது நேரத்தில்' என்ற சொல்லை மூன்றாவது முறை கேட்கும்போது கூட்டம் நம்பிக்கையை இழந்துவிடுகிறது. பாடகர் வண்டி எங்கோ நெரிசலில் மாட்டியிருக்கிறது, எப்போது வருவார் என்று உங்களுக்கே தெரியவில்லை. அப்போது எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று சொல்ல முடியும். "பாடகர் வழியில இருக்கார். ஏழரைக்கு மறுபடி தகவல் சொல்றேன். அதுவரைக்கும் வெளியே காபி இருக்கு." ஏழரைக்குப் புதுத் தகவல் எதுவும் இல்லாவிட்டாலும் மைக்கைப் பிடித்து அதையே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சரியாக அமைய, மைக் பிடிப்பவருக்கு வாசல் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை மண்டபம் பேசப் போகும்போது ஏசி, கார் நிறுத்தம், பாத்திர வாடகை எல்லாம் கேட்ட பிறகு மேடையில் ஏறி நின்று பாருங்கள். எத்தனை வாசல் தெரிகிறது, அதில் எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று மேனேஜரிடம் கேளுங்கள்.