பாக்கி எத்தனை?

ஒரு சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் கை மாறும்போது, புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு முதலில் கிடைப்பது அதன் டிராக்கர். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும், வாடிக்கையாளர் சொன்ன ஒவ்வொரு குறையும் அதில் ஒரு டிக்கெட்டாக ஏறியிருக்கும். யார் கையில் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எப்போது முடிந்தது என்பதையெல்லாம் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் டிராக்கரில் இருப்பது, யார் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற பதிவு. வேலையும் அந்தப் பதிவும் நாளாக நாளாக விலகிப் போகும். எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்று அளந்து பார்ப்பதுதான் முதல் வார வேலை.

பரிசோதனைக் கூடங்களுக்கு பில் போட உதவும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். டிராக்கர், பல அலுவலகங்களிலும் இருக்கும் Jira. டிக்கெட்டுகளுக்கு LAB-1, LAB-2 என்று வரிசை எண். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்கள் உண்மையானவை. புதிய மேனேஜர் கேட்பது ஒரே கேள்விதான்: பாக்கி எத்தனை? குழு தினமும் பார்க்கும் போர்டு 148 என்கிறது. மேலிடத்துக்குப் போகும் வாராந்திர அறிக்கை 278 என்கிறது.

இந்த இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன், தனக்கு எல்லாம் தெரிகிறதா என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தேடலில் வருவதெல்லாம் தேடுபவருக்கு அனுமதி உள்ள டிக்கெட்டுகள் மட்டுமே. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. டிக்கெட் எண்கள் தொடர்ச்சியாகப் போகின்றன. நீக்கிய டிக்கெட்டின் எண் மறுபடி யாருக்கும் போகாது. கடைசி எண் LAB-1640, ஆனால் கண்ணில் படுவது 1571 என்றால், 69 எண்களுக்குக் கணக்கு வேண்டும். வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றியவை, பழைய எண்ணைக் கொடுத்தால் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும். நீக்கப்பட்டதும் மறைக்கப்பட்டதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். அட்மினிடம் அனுமதியைத் திறந்துவிடச் சொன்னால்தான் பிரித்தறிய முடியும். மறைவில் இருப்பவை பெரும்பாலும் பாதுகாப்புக் குறைகளோ வாடிக்கையாளர் தகராறுகளோ ஆகத்தான் இருக்கும். அவற்றைத் தெரியாமல் பொறுப்பேற்பது ஆபத்து.

அனுமதி கிடைத்ததும் எல்லா டிக்கெட்டையும் ஒரு விரிதாளில் இறக்கி, தேதி போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் இறங்காமல் போகலாம்; துண்டு துண்டாக இறக்கினால் போதும். பிறகு நேரடிக் கேள்வி:

```
project = LAB AND statusCategory != Done
```

விடை 212. ஆக, பாக்கிக்கு இப்போது மூன்று விடைகள். மூன்றுமே ஏதோ ஒரு விதிப்படி சரிதான். அந்த விதிகளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி தணிக்கை முடிந்த மாதிரி.

போர்டில் குறையும் 64 எங்கே? போர்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், எந்தப் பத்தியிலும் சேர்க்காத நிலைகள் தனியாகக் கிடக்கும். யாரோ ஒரு நாள் போர்டை ஒழுங்குபடுத்தும்போது `Ready for UAT` என்ற நிலையைப் பத்தியிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சரிபார்க்கக் காத்திருக்கும் 52 டிக்கெட்டுகள் அதில் இருக்கின்றன. அவை போர்டில் தெரியாது, ஆகவே காலைக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. மீதி 12, போர்டின் வடிகட்டியில் சிக்காதவை. குழு சோம்பேறி என்ற பெயர் இப்படியும் வந்துவிடும்; மேனேஜர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அறிக்கை சொல்லும் 278 வேறு கதை. Jira-வில் ஒரு டிக்கெட் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு கட்டம். அது எப்படித் தீர்ந்தது என்பது `Resolution` என்ற இன்னொரு கட்டம். முடித்தவுடன் இரண்டாவது கட்டமும் தானாக நிரம்பும்படி அமைக்காவிட்டால், முடிந்த டிக்கெட்டிலும் அது காலியாகவே இருக்கும். அறிக்கை பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

```
project = LAB AND statusCategory = Done
AND resolution IS EMPTY
```

இது 83. மறுபுறம், முடிந்ததாகச் சொல்லிப் பிறகு மீண்டும் திறந்த 17 டிக்கெட்டுகளில் அந்தக் கட்டம் அழிக்கப்படாமல் இருக்கிறது. அறிக்கை அவற்றைத் தீர்ந்தவையாக எண்ணிக்கொள்கிறது. 212-இல் 17 போய் 83 சேர்ந்தால் 278. கணக்கு ஒன்றுக்கு ஒன்று பொருந்தும்போது கிடைக்கும் நிம்மதி சாதாரணமல்ல. பொருந்தவில்லை என்றால் இன்னொரு விதி எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

அடுத்து, `In Progress` என்று நிற்கும் 31. கடைசியாக மாறிய தேதியைப் பார்த்தால் எல்லாமே போன வாரம்தான். நம்பக் கூடாது. ஒரு லேபிளை மொத்தமாக ஒட்டினாலும், ஒரு தானியங்கி விதி ஓடினாலும் அந்தத் தேதி மாறிவிடும். டிக்கெட்டின் `History` பகுதியில் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே நிமிடம். கேட்க வேண்டியது, நிலை எப்போது மாறியது என்பதை:

```
project = LAB AND status = "In Progress"
AND NOT status CHANGED AFTER -60d
```

இதில் 19 வந்தால், அவை இரண்டு மாதமாக நகரவில்லை.

இதற்கு மேல் திரையைப் பார்த்துப் பயனில்லை; ஆட்களிடம் போக வேண்டும். பாக்கியுள்ள 212-ஐ எண் வரிசையில் அடுக்கி, ஏறக்குறையப் பத்துக்கு ஒன்றாக 20 எடுத்து, யார் பெயரில் இருக்கிறதோ அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். "இதை ஏன் இன்னும் முடிக்கல?" என்று கேட்டால் விளக்கம்தான் கிடைக்கும். "இதுல கடைசியா என்ன நடந்தது, காட்டுறீங்களா?" என்று கேட்டால் தகவல் கிடைக்கும். நம் கதையில் 7 ஏற்கெனவே வாடிக்கையாளரின் பயன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, மூடத்தான் மறந்திருக்கிறார்கள். 3 இப்போது யாருக்கும் தேவையில்லை. 10 மட்டுமே உண்மையான பாக்கி. இருபதை வைத்துக்கொண்டு 106 என்று துல்லியமாக எழுதக் கூடாது; "ஏறக்குறையப் பாதி" என்பதே நியாயமான சொல்.

முடிந்தவற்றிலும் பத்துப் பதினைந்தை இதேபோல் பார்க்க வேண்டும். கோடு எழுதி முடித்ததும் `Done` போடுகிறார்களா, வாடிக்கையாளர் கைக்குப் போனதும் போடுகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். ஒரே குழுவுக்குள் இரு பழக்கமும் இருக்கலாம். பழைய பொறுப்பாளர் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருந்தால், அவருடைய நேரத்தை டிக்கெட்டுகளில் செலவிடாமல், எந்தத் தானியங்கி விதியை எதற்காக வைத்தார், எந்த அறிக்கை எந்த வடிகட்டியில் ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அவற்றை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இத்தனை நாளும் எதையும் தொடாமல் இருக்க வேண்டியதன் காரணத்தை அந்த 83 டிக்கெட்டுகளே காட்டும். முதல் நாளே அவற்றின் காலிக் கட்டத்தை மொத்தமாக நிரப்பினால், தீர்ந்த தேதி என்று அன்றைய தேதி ஏறும். மாத அறிக்கையில் ஒரே நாளில் 83 வேலை முடிந்ததாகத் தெரியும். உண்மையில் முடிந்த நாளை அறிய ஒவ்வொரு டிக்கெட்டின் வரலாற்றையும் தோண்ட வேண்டும். நகராத 19-ஐ மூடினால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல்கள் பறக்கலாம், யாருக்கும் நினைவில்லாத தானியங்கி விதி விழித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் கொடுக்க ஒரு பக்கம் போதும்: மூன்று எண்கள், அவை ஏன் வேறுபடுகின்றன, மாதிரியில் கண்டது, இன்னும் விளங்காதவை. திங்களன்று செய்யும் முதல் மாற்றம், `Ready for UAT` நிலைக்குப் போர்டில் ஒரு பத்தி. அதனால் எந்த டிக்கெட்டின் தேதியும் மாறாது, யாருக்கும் மின்னஞ்சல் போகாது. காலைக் கூட்டத்தில் 52 டிக்கெட்டுகள் எல்லோர் கண்ணிலும் படும்.