இருட்டுக் காட்சியில் பட்டையும் கட்டமும்

2019 ஏப்ரல் 28 அன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ பகுதி ஒளிபரப்பானது. ஏறத்தாழ முழுவதும் இரவில் நடக்கும் போர். பார்த்தவர்களில் பலர், ஒன்றுமே தெரியவில்லை, தெரிந்த இடத்திலும் படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் தன் படப்பிடிப்பில் குறையில்லை என்றார். ஒளிபரப்புக்காகப் படத்தைச் சுருக்கியதையும் வீட்டு டிவிகளின் அமைப்பையும் காரணமாகச் சொன்னார். அவ்வளவு பெரிய தொடருக்கு நேர்ந்தது, குறும்படத்தின் இரவுக் காட்சியை எக்ஸ்போர்ட் செய்யும் எவருக்கும் நேரும்.

இதில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று பட்டை: அந்தி வானம் சீராக மங்காமல் வரிவரியாகத் தெரிவது. மற்றொன்று கட்டம்: இருண்ட சுவரில் சதுரங்கள் தோன்றி நெளிவது. இரண்டுக்கும் காரணம் வேறு என்பதால் மருந்தும் வேறு.

முதலில் பட்டை. 8 பிட் வீடியோவில் கறுப்பின் எண் 16, வெள்ளையின் எண் 235. இரவு வானம் மேலே 22, தொடுவானத்தில் 38 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 16 படிகள்தான். 1080 வரிகள் கொண்ட பிரேமில் வானம் 640 வரிகளைப் பிடித்தால், ஒவ்வொரு படியும் 40 வரி அகலப் பட்டையாகிவிடும். அடுத்தடுத்த பட்டைகளுக்கிடையே வித்தியாசம் ஒரே ஓர் எண்தான். ஆனாலும் அது கண்ணில் படுகிறது. இரு நிறங்கள் சேரும் விளிம்பை நம் பார்வை மிகைப்படுத்திக் காட்டும்; இதை எர்ன்ஸ்ட் மாக் என்ற அறிவியலாளர் 1865-லேயே விளக்கியிருக்கிறார். அதே வானம் 10 பிட்டில் இருந்தால் படிகள் 64 ஆகும். பட்டையின் அகலம் 10 வரியாகக் குறையும், படியின் உயரமும் நான்கில் ஒரு பங்காகும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

கட்டம் என்கோடரின் வேலை. எச்.264 என்கோடர் பிரேமை 16-க்கு 16 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்ணிய ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று பார்க்கிறது. மிகச் சிறியவற்றைத் தூக்கி எறிந்து இடத்தை மிச்சம் பிடிக்கிறது. இருண்ட சுவரில் இருப்பதே ஓரிரு எண் ஏற்ற இறக்கம்தான். அதையும் எறிந்துவிட்டால் சதுரம் முழுக்க ஒரே நிறம், பக்கத்துச் சதுரம் வேறொரு நிறம். அசைவில்லாத ஷாட்டில் இந்தச் சதுரங்கள் அப்படியே உறைந்து நின்று, அடுத்த கீஃப்ரேம் வந்ததும் மொத்தமாகத் துள்ளி மாறும். ஒரே சீரான இடைவெளியில் இருட்டு துடிப்பதுபோல் தெரிந்தால், அது இதுதான்.

ஆகவே முதல் வேலை, குறை எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பது. எடிட்டிங் டைம்லைனில் அந்த ஷாட்டை 100 சதவீத அளவில் பாருங்கள். வேவ்ஃபார்மையும் திறந்து வையுங்கள். வானம் அதில் சாய்ந்த மெல்லிய புகைபோலத் தெரிந்தால் நல்லது. தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் பட்டை எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே வந்துவிட்டது. 8 பிட் கேமராவில் எடுத்து, கிரேடிங்கில் இருட்டை இழுத்து உயர்த்தினால் இப்படி ஆகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த டைட்டில் பின்னணி என்றால் புராஜெக்ட் செட்டிங்கைப் பாருங்கள்: பலரும் அதை 8 bpc-யிலேயே விட்டிருப்பார்கள். 16 bpc ஆக்கினாலே கிரேடியன்ட் சீராகும். டைம்லைனில் சுத்தமாக இருந்து, எக்ஸ்போர்ட்டில் மட்டும் கெட்டிருந்தால் குற்றவாளி என்கோடர். இரண்டையும் வேறொரு திரையிலும் பார்த்துவிடுங்கள். மலிவான மானிட்டர்கள் தாமாகவே பட்டை காட்டும்.

இனி பரிகாரம். எடிட்டிங்கிலிருந்து நேராக எம்பி4 எடுக்காமல், 10 பிட் மாஸ்டர் ஒன்றை முதலில் எடுங்கள். ProRes 422 HQ அல்லது DNxHR HQX போதும். DNxHR HQ என்று ஓர் எழுத்து குறைந்தால் அது 8 பிட். அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

மாஸ்டர் எடுக்கும் முன் அந்த வானத்தில் கொஞ்சம் கிரெயின் சேர்க்க வேண்டும். சீரான பரப்பைக் காப்பாற்ற அதைச் சற்றே கலைக்கிறோம். படிகளின் விளிம்பில் பிக்சல்கள் இப்படியும் அப்படியும் சிதறும்போது, கண் பிடித்துக்கொள்ள நேர்கோடு கிடைப்பதில்லை. டாவின்சி ரிசால்வில் இதைக் கடைசி நோடாகச் சேருங்கள். நாய்ஸ் நீக்குவதும் நிறம் திருத்துவதும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். கிரெயின் பிரேமுக்குப் பிரேம் மாற வேண்டும், 100 சதவீதத்தில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும். ஒற்றைப் பிக்சல் அளவுத் துகள்களை என்கோடர் முதலில் விழுங்கிவிடும். சற்றுப் பெரிய துகள்கள் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் கிரெயினுக்கு விலை உண்டு. அதைக் காப்பாற்ற பிட்ரேட் வேண்டும். குறைந்த பிட்ரேட்டில் கிரெயின் சேர்த்தால் என்கோடர் திணறி, கட்டங்கள் முன்பைவிட மோசமாகும். இரண்டையும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.

என்கோட் செய்ய ffmpeg வைத்திருப்பவர்களுக்கு:

```
ffmpeg -i master.mov -c:v libx265 -preset slow -crf 18 \
 -pix_fmt yuv420p10le -x265-params aq-mode=3 \
 -tag:v hvc1 -c:a aac -b:a 256k iravu.mp4
```

இதில் மூன்று இடங்கள் முக்கியம். yuv420p10le கோப்பை 10 பிட்டில் வைக்கிறது. crf பிட்ரேட்டைப் பூட்டாமல் தரத்தைப் பூட்டுகிறது. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். aq-mode=3 இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கச் சொல்கிறது. பழைய கருவிகளிலும் ஓட வேண்டும் என்றால் libx264, yuv420p, -x264-params aq-mode=3 என்று மாற்றி, -tag:v hvc1 என்பதை நீக்கிவிட்டு, crf-ஐ 16-க்கு இறக்குங்கள். அது 8 பிட் என்பதால் பட்டையைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் கிரெயின்மேல் விழும்.

இவ்வளவு செய்தும் யூடியூப் உங்கள் கோப்பை மறுபடியும் சுருக்கும். அதை நம்மால் தடுக்க முடியாது. 1080-ல் எடுத்த படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால், 4கே தரத்தில் பார்ப்பவருக்குக் கூடுதல் பிட்ரேட்டில் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது சுருங்காது.

எதற்கும் மசியாத ஷாட் இருந்தால் கிரேடிங்கிலேயே முடிவெடுக்கலாம். கதைக்குத் தேவைப்படாத இருட்டை முழுக் கறுப்புக்கு இறக்கிவிட்டால் அங்கே படியும் இல்லை, பட்டையும் இல்லை. வெறும் வானத்தைவிட மேகம் படர்ந்த வானம் சுருக்கத்தைத் தாங்கும்.

முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் செய்யும் முன், அதில் மிக இருண்ட 10 விநாடியை மட்டும் எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பாருங்கள். அந்த 10 விநாடி தேறினால் மீதிப் படமும் தேறிவிடும்.