பாதி மொழிபெயர்த்த பிறகு மூல ஆவணம் மாறினால்? மாறிய வரிகளை மட்டும் திருத்துவது எப்படி

பாடாலூர் பக்கம் ஒரு கல்குவாரி வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய திட்டம் என்றால், சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை இதைக் கட்டாயமாக்குகிறது. ஊர் மக்களில் பலர் படிக்கப்போவது அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும்தான்.

மொத்தம் 120 வாக்கியங்கள். 70 முடித்துவிட்டீர்கள். அப்போது, 'சின்ன திருத்தம்தான்' என்று புது ஆங்கில ஃபைல் வருகிறது. இப்போ என்ன செய்வது?

முதலில் ஒப்பிடுங்கள்

பழைய ஃபைலை அழிக்காதீர்கள். `summary_v1.docx`, `summary_v2.docx` என்று பெயர் வைத்து, வேர்டில் `Review → Compare` கொடுங்கள். அனுப்பியவர் சிவப்பில் காட்டிய திருத்தங்களை மட்டும் நம்ப வேண்டாம். சிலவற்றை அவர் ஏற்கெனவே `Accept` செய்திருக்கலாம். அவை கண்ணில் படாது. மூன்றாவது ஃபைல் வந்தாலும், நீங்கள் எதைப் பார்த்து மொழிபெயர்த்தீர்களோ அதனுடன்தான் ஒப்பிட வேண்டும்.

நம் உதாரணத்தில் 6 வாக்கியங்கள் மாறியுள்ளன, 2 புதியவை, 1 நீக்கம். முடித்த 70-க்குள் வருவது 3 மாற்றமும் அந்த நீக்கமும்தான். ஆக, திரும்பத் தொட வேண்டியது 4 இடங்கள். மீதியைப் புது ஃபைலைப் பார்த்தே தொடரலாம்.

சின்ன மாற்றம், பெரிய வித்தியாசம்

'தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும்' என்பதற்கான ஆங்கில வரியில் 'ஷல்' போய் 'மே' வந்தால், மாறியது ஒரே ஒரு சொல். தமிழிலோ அது 'தெளிக்கலாம்' ஆகிவிடும். கட்டாயம் விருப்பமாகிறது! ஒமேகாடி போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள், பழைய வரியோடு பெரும்பாலும் பொருந்துகிறது என்று அதிக சதவீதம் காட்டும். அது சொற்களின் ஒற்றுமையே தவிர, அர்த்தத்தின் ஒற்றுமை அல்ல. அதனால் மாறிய வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் ஒட்டாமல், முழுசாகப் படித்து எழுதுங்கள்.

மாறாத வரியும் சிக்கலாகலாம்

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் வெடி வைக்கக் கூடாது என்பது 500 மீட்டர் ஆனதாக வைத்துக்கொள்வோம். புது ஆங்கில ஃபைலில் '300' என்று தேடிப் பாருங்கள். பின்னால் ஓர் அட்டவணையில் பழைய எண்ணே இருக்கலாம். அங்கே எதுவும் மாறாததால் `Compare` அதைக் காட்டாது. நீங்களாக 500 என்று மாற்றவும் வேண்டாம். எது சரி என்று அனுப்பியவரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு எண்களோடு தமிழ்ச் சுருக்கம் வெளியானால், கூட்டத்தில் யார் எதை வைத்துக் கேள்வி கேட்பது?

அனுப்பும் முன்

நீக்கப்பட்ட வரி தமிழிலும் போய்விட்டதா என்று பாருங்கள். அடிக்கடி தவறிப்போவது அதுதான். எந்தப் பதிப்பைப் பார்த்து மொழிபெயர்த்தது என்பதைத் தேதியோடு தமிழ் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.